புதுப்பிப்பு: 38 விபத்துப் படிவமும் ஒரு அட்டவணையும்

முதல் நான் கேட்டது: "ஐஸ் தொழிற்சாலையில மாசாமாசம் விபத்துப் படிவம் குவியுது. ஒரு பக்கத்துக்குள்ள எப்பிடிச் சுருக்கிறது?"

மூண்டு மாசத்து 38 படிவத்தையும் மேசையில கொட்டினன். காரணம் எண்ட இடத்தில 21இல "கவனக்குறைவு". அதை எண்ணி ஒண்டும் பிடிபடாது. பாதுகாப்பு வேலை பாத்த அண்ணை சொன்னபடி அந்தச் சொல்லை விட்டிட்டு என்ன நடந்தது, எங்க, எத்தினை மணிக்கு எண்டு B நிரலில இருந்து மூண்டு நிரல் போட்டன். "சறுக்கி", "கால் இடறி ஈரத்தில" எல்லாம் ஒரே சொல்லா "வழுக்கல்". பிவட் அட்டவணை போட்டாக் காணும் எண்டு ஒரு தம்பி பதில் எழுதினவர், ஆனா சொல் ஒண்டாகாட்டி அதுவும் தனித்தனியாத்தான் காட்டும்.

```
=COUNTIFS(B:B,"வழுக்கல்",C:C,"குளிரறை வாசல்")
```

வழுக்கல் 11. அதில 8 குளிரறை வாசலில, எல்லாம் விடிய 4க்கும் 6க்கும் இடையில. போய்ப் பாத்தன்: மீன் லொறிக்கு ஐஸ்கட்டி இழுக்கேக்க உருகின தண்ணி அங்கயே நிக்குது, வடிகால் மூடியில உமி அடைச்சுக் கிடக்கு.



வடிகால் துப்புரவாக்கின பிறகு இந்த மாசம் வாசலில 1. ஆனா வெட்டுக்காயம் 2இல இருந்து 6. உண்மையாக் கூடினதோ, பெடியள் இப்பதான் எழுதிக் குடுக்கினமோ, இன்னும் விளங்கேல்லை.