வங்கியில் பணம் போட்டால் டெபிட் எங்கே விழுகிறது?

கணக்குப்பதிவு தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். என் கணக்கில் 10,000 ரொக்கமாகப் போட்டால் ஸ்டேட்மென்டில் கிரெடிட் என்று வருகிறது. ஸ்டேட்மென்ட் வங்கி ஏட்டின் நகல்தானே. வங்கி எனக்குத் திருப்பித் தர வேண்டிய கடன் கூடியதை அது காட்டுகிறது. அதே நேரம் வங்கியின் ரொக்கக் கணக்கும் 10,000 கூடுகிறது, டெபிட் அங்கே. சரி, இதுவரை புரிகிறது.

அப்புறம்தான் குழப்பம். அதே வங்கியில் கணக்குள்ள ஒருவர் எனக்குப் பணம் அனுப்பினால் ரொக்கம் அசைவதே இல்லை. அப்போது டெபிட் அவருடைய டெபாசிட் கணக்கில்தானே? வேறு வங்கிக் காசோலை என்றால், பணம் வசூலாகும்வரை எந்தக் கணக்கை டெபிட் செய்வார்கள்? ஜர்னல் என்ட்ரியோடு யாராவது சொல்லுங்களேன்.