ஏபிவி 68, வாக் வழியில் 35: ஒரே திட்டத்துக்கு ஏன் இரண்டு விடை?

முகிலன்

வணக்கம். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை ஏபிவி முறையில், அதாவது கடன் இல்லாத திட்டத்தின் மதிப்பையும் கடனால் மிச்சமாகும் வரியின் மதிப்பையும் தனித்தனியே கண்டு கூட்டும் முறையில், மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முதலீடு 1000. வட்டி, வரி, தேய்மானம் எதுவும் கழிக்காத லாபம் ஆண்டுக்கு 310. தேய்மானம் ஆண்டுக்கு 200, வரி 30%. கடன் 600, வட்டி 8%, அசலை ஆண்டுக்கு 120 வீதம் அடைக்க வேண்டும். கடனே இல்லையென்றால் இந்தத் திட்டத்திலிருந்து எதிர்பார்க்கும் வருவாய் 12%.

செயல்பாட்டுப் பணவரவை 12%-ல் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழித்தேன், 32.0 வந்தது. வட்டியால் மிச்சமாகும் வரியைத் தனியாக 8%-ல் கொண்டுவந்தேன், 36.3. கூட்டினால் 68.3. ஆனால் இதே திட்டத்துக்கு எங்கள் மூத்தவர் 60% கடன் என்று வைத்து, கடன், பங்கு இரண்டின் செலவையும் எடையிட்டு எடுத்த சராசரி விகிதமான வாக் 10.56%-ல் போட்ட தாளில் 35.2 இருக்கிறது. கிட்டத்தட்டப் பாதி. எது சரி?

செயல்பாட்டுப் பக்கத்தில் வரிக்கு நான் போட்டிருக்கும் சூத்திரம் இது. B5 தேய்மானம் கழித்த லாபம், B9 வட்டி.

```
=(B5-B9)*30%
```

சுந்தர்

8% தான் சிக்கல். லாபம் வந்தால்தானே வரி மிச்சமாகும்? அப்படியென்றால் அந்த மிச்சத்துக்கும் திட்டத்தின் அபாயம் உண்டு. அதையும் 12%-ல் கொண்டுவாருங்கள், இடைவெளி குறையும்.

முகிலன்

போட்டுப் பார்த்தேன் சார். 36.3 இருந்தது 33.5 ஆனது, அவ்வளவுதான். இன்னும் 30-க்கு மேல் இடிக்கிறது.

தேன்மொழி

முகிலன், விகிதத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். கோளாறு நீங்கள் காட்டிய அந்தச் சூத்திரத்திலேயே இருக்கிறது.

முதல் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேய்மானம் போக லாபம் 110. கடன் இல்லாத நிறுவனம் கட்டும் வரி 33. உங்கள் சூத்திரம் வட்டி 48-ஐக் கழித்துவிட்டு 62-க்கு வரி போடுகிறது, அது 18.6. இரண்டுக்கும் வித்தியாசம் 14.4. இப்போது உங்கள் வரி மிச்சத் தாளில் முதல் ஆண்டைப் பாருங்கள், அங்கேயும் 14.4 தான் இருக்கும். ஒரே மிச்சம் ஒரு முறை பணவரவுக்குள் நுழைந்துவிட்டது, பிறகு தனி வரிசையாகவும் வருகிறது.

செயல்பாட்டுப் பக்கத்தில் கடனின் சுவடே இருக்கக் கூடாது. அங்கே வரி இப்படித்தான் வர வேண்டும்:

```
=B5*30%
```

அப்போது ஆண்டுப் பணவரவு 310 − 33 = 277. ஐந்து ஆண்டும் அதே தொகை. 12%-ல் இன்றைய மதிப்பு 998.5, முதலீடு போக −1.5. வரி மிச்சம் 14.4, 11.52, 8.64, 5.76, 2.88 என்று கடனோடு சேர்ந்து இறங்கும். 8%-ல் அது 36.3. கூட்டினால் ஏபிவி 34.8.

இனிமேல் எந்தத் தாளிலும் இதைச் சோதிக்க எளிய வழி, கடன் தொகைக் கட்டத்தில் 0 போடுவது. வரி மிச்சம் பூஜ்யமாக வேண்டும், செயல்பாட்டு மதிப்பு அசையவே கூடாது. உங்கள் பழைய தாளில் 32.0 என்பது −1.5-க்கு இறங்கியிருக்கும்.

முகிலன்

அப்படியே இறங்குகிறது மேடம்! சூத்திரத்தைத் திருத்தியதும் 34.8 வந்துவிட்டது.

சுந்தர்

அப்படியானால் 34.8-ம் 35.2-ம் ஒன்றுதான். வாக் போட்டாலே போதுமே, இரண்டு தாள் எதற்கு?

தேன்மொழி

இல்லை சார், இந்த ஒற்றுமையை நம்பிவிடக் கூடாது. 60% கடன் என்று வாக்கில் வைத்தால், ஒவ்வோர் ஆண்டும் மீதியிருக்கும் மதிப்பில் 60% கடன் இருந்தாக வேண்டும். இங்கே அசல் அடைபடுகிறது. அவர் தாளின் மதிப்புப்படியே தொடக்கத்தில் 58% இருக்கும் கடன், கடைசி ஆண்டுத் தொடக்கத்தில் 48% ஆகிவிடுகிறது. ஆக, இருப்பதைவிட அதிகக் கடனை வாக் கற்பனை செய்கிறது, அது மதிப்பைத் தூக்கும். அதே நேரம் வரி மிச்சத்தை 12% அபாயம் உள்ளதாக நடத்துகிறது, அது இறக்கும். இந்தத் திட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன.

சந்தேகமென்றால் அசல் முழுவதையும் ஐந்தாம் ஆண்டு முடிவில் கட்டுவதாக மாற்றிப் பாருங்கள். ஆண்டுதோறும் மிச்சம் 14.4, இன்றைய மதிப்பு 57.5, ஏபிவி 56.0. அதே 60%-ஐ வைத்திருக்கும் வாக் தாளில் 35.2 அப்படியே நிற்கும், ஏனென்றால் கடன் எப்போது அடைபடுகிறது என்பதே அதற்குத் தெரியாது. அடைக்கும் அட்டவணை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் ஏபிவிதான் சரியான கருவி. கடனை மதிப்பின் ஒரு விகிதத்தில் வைத்துக்கொண்டே போகும் நிறுவனத்துக்கு வாக் பொருந்தும்.

நீங்கள் முதலில் சொன்ன 12% வாதத்திலும் நியாயம் உண்டு. மையர்ஸ் 1974-ல் ஏபிவியை முன்வைத்தபோது கடனின் வட்டி விகிதத்தையே வரி மிச்சத்துக்கும் பயன்படுத்தினார். கடன் மதிப்போடு சேர்ந்து ஏறி இறங்கினால் 12% பக்கம் போவதுதான் பொருத்தம். இங்கே தொகை முன்கூட்டியே தீர்மானமாகியிருப்பதால் நான் 8%-ல் நிற்கிறேன்.

நசீர்

என் திட்டத்தில் முதல் இரண்டு ஆண்டும் தேய்மானம் போக லாபம் 20 தான், வட்டி 48. நான் 48 × 30% = 14.4 என்றே போட்டு வைத்திருக்கிறேன். இதே கோளாறுதானா?

தேன்மொழி

உங்களுடையது வேறு நசீர். 20 லாபத்துக்குக் கடன் இல்லாமல் வரி 6. வட்டி வந்ததும் அது 0. முதல் ஆண்டில் கையில் மிஞ்சுவது 6 மட்டுமே. மீதி 28 நட்டமாக முன்னெடுத்துச் செல்லப்பட்டு, லாபம் வரும் ஆண்டில் 8.4 ஆகத் திரும்பும், அதுவும் சட்டம் அனுமதித்தால். வட்டியை 30%-ஆல் பெருக்குவதற்குப் பதில் வரியை இரண்டு முறை கணக்கிடுங்கள், கடனோடு ஒரு முறை, கடன் இல்லாமல் ஒரு முறை. ஆண்டுவாரியான வித்தியாசமே உண்மையான மிச்சம். திட்டம் தனி நிறுவனமாக இல்லாமல், வேறு லாபம் ஈட்டும் நிறுவனத்துக்குள் இருந்தால் 14.4 முழுதும் அந்த ஆண்டே கிடைக்கலாம்.

பல நாடுகளில் கழிக்கக்கூடிய வட்டிக்கு உச்சவரம்பும் உண்டு, பெரும்பாலும் தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தில் 30% என்ற கணக்கில். முகிலனுக்கு அது 93, அவர் வட்டி 48-ஐத் தாண்டவில்லை. உங்களுக்கு இடிக்கலாம், பாருங்கள்.

நசீர்

தள்ளிப்போன அந்த 8.4-ஐயும் 8%-லேயே கொண்டுவரலாமா?

தேன்மொழி

நான் மாட்டேன். அது பிற்கால லாபத்தை நம்பி நிற்கிறது, 12%-க்கு அருகில் வைப்பேன்.

சுந்தர்

எனக்கு அது ரொம்ப இறுக்கமாகத் தெரிகிறது. லாபம் வருவது ஏறக்குறைய உறுதியென்றால் 9, 10 போதும்.

தேன்மொழி

இருக்கலாம் சார், இதில் எல்லோரும் ஒத்துக்கொண்ட எண் கிடையாது. ஆனால் முகிலன் கணக்கில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. செயல்பாட்டு மதிப்பு −1.5. அதாவது இந்தத் திட்டம் முழுக்க வரிச் சலுகையில் நிற்கிறது, அறிக்கையில் இதை மறைக்காமல் எழுதுங்கள். அந்த 12% 13 ஆனால் ஏபிவி 10.5-க்கு வந்துவிடும், 13.5 ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். 12% எங்கிருந்து எடுத்தீர்கள்?

முகிலன்

இதே தொழிலில் இருக்கும் மூன்று நிறுவனங்களின் பீட்டாவை, அதாவது சந்தையோடு அவற்றின் பங்கு விலை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவை, சராசரி எடுத்துப் போட்டதாகச் சொன்னார்கள். அந்த நிறுவனங்களுக்கும் கடன் இருக்கிறது.

தேன்மொழி

கடனின் தாக்கத்தை நீக்கிய பிறகுதான் சராசரி எடுத்தார்களா என்று கேளுங்கள். நீக்கவில்லையென்றால் அந்த 12%-க்குள் கடனின் அபாயம் ஏற்கெனவே ஏறியிருக்கிறது, உண்மையான விகிதம் அதற்குக் கீழே இருக்கும். அப்போது −1.5 என்பதே நேர்மறையாக மாறிவிடலாம்.

முகிலன்

தாளில் வெறும் சராசரி மட்டும்தான் இருக்கிறது. மூன்று நிறுவனங்களின் கடன் விகிதத்தையும் திங்கட்கிழமை வாங்கிவிட்டு இங்கே போடுகிறேன் மேடம்.