பக்கவாட்டுப் படத்தை மட்டும் பார்த்து பைக் என்ன ரகம் என்று சொல்ல முடியுமா? உங்கள் அனுபவம்

தலவாக்கலை தம்பி

வணக்கம். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போய்வரப் பழைய சைக்கிள் ஒன்று தேடுகிறேன். முதலில் கல் பரப்பிய தோட்டப் பாதை, அப்புறம் தார் ரோடு. விளம்பரம் ஒன்றில் "மவுண்டன் பைக்" என்று போட்டு, வலது பக்கமிருந்து எடுத்த ஒரே ஒரு படம் வைத்திருக்கிறார்கள். முன்னால் ஷாக் இருக்கிறது, ஹேண்டில் நேராக இருக்கிறது. ஆனால் டயர் ஒல்லியாகத் தெரிகிறது. விற்பவர் இருப்பது கொழும்பில். பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் படத்திலேயே ரகத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அப்படிப் பார்த்து வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஹட்டன் அண்ணன்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? முன்னால் ஷாக் இருந்தால் மவுண்டன். ஹேண்டில் ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி வளைந்து கீழே இறங்கினால் ரோட் பைக். சக்கரம் சின்னதாக இருந்தால் ஃபோல்டிங். மிச்சமெல்லாம் ரோட் பைக்குக்கும் மவுண்டனுக்கும் நடுவில் வரும் ஹைபிரிட். நான் இப்படித்தான் பார்க்கிறேன். உங்களுடையது மவுண்டன்தான், தைரியமாக வாங்குங்கள்.

அப்புத்தளை

நான் தங்கும் விடுதியில் வேலை செய்கிறேன். வெளிநாட்டிலிருந்து சைக்கிளில் வருகிறவர்களை அடிக்கடி பார்ப்பேன். போன சீசனில் வந்த ஒருவரின் ஹேண்டில் அண்ணன் சொன்ன அதே கொம்புதான். ஆனால் டயர் என் இரண்டு விரல் அகலத்துக்கு மேலே இருந்தது, பட்டன் பட்டனாக வெட்டும் இருந்தது. ஒஹியாப் பக்கம் மண் பாதையில் ஏறி வந்ததாகச் சொன்னார். அவர் வண்டியைச் சுவரில் சாய்த்துவைத்தபோது பக்கத்திலிருந்து கவனித்தேன். ரோட் பைக்கில் பின் டயர் சீட் குழாயை உரசுகிற மாதிரி ஒட்டி நிற்கும், ஒரு விரல் நுழைவதே கஷ்டம். இதில் நடுவே தாராளமாக இடம் இருந்தது. முன் ஃபோர்க்கிலும் டயருக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது. அதனால் ஹேண்டிலை மட்டும் பார்த்து ரோட் பைக் என்று முடிவு கட்ட முடியாது என்பது என் அனுபவம்.

பண்டாரவளை சைக்கிள் கடை

அப்புத்தளைத் தம்பி பார்த்தது கிராவல் பைக்காக இருக்கும். ஹேண்டில் ரோட் பைக் மாதிரி, டயர் இடம் கிட்டத்தட்ட மவுண்டன் மாதிரி. ஹேண்டிலைக் கழற்றி மாற்றுவது சுலபம், டயரை மாற்றுவது அதைவிடச் சுலபம். ஃபிரேமை யாரும் மாற்றுவதில்லை. அதனால் நான் ஃபிரேமைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஹட்டன் அண்ணன் மன்னிக்க வேண்டும், ஷாக்கை வைத்து மட்டும் மவுண்டன் என்று சொல்லிவிட முடியாது. ஹைபிரிட்டிலும் நிறைய மாடல்கள் ஷாக்கோடுதான் வருகின்றன. வித்தியாசம் அது இறங்கும் அளவில். ஹைபிரிட் ஷாக் 50, 60 மில்லிமீட்டர்தான் இறங்கும். மவுண்டனில் பெரும்பாலும் 100 அல்லது அதற்கு மேல் இருக்கும். படத்தில் ஃபோர்க்கின் மேல் பாதியில் பளபளப்பாகத் தெரிகிற குழாயின் நீளத்தைப் பாருங்கள், அது ஏறக்குறைய இறங்கும் அளவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தலவாக்கலைத் தம்பி, உங்கள் படத்துக்குள்ளேயே ஒரு அடிக்கோல் இருக்கிறது. பெடல் மாட்டியிருக்கும் கிராங்க் கைதான் அது. நடு அச்சின் மையத்திலிருந்து பெடல் அச்சின் மையம் வரை, பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளில் அநேகமாக 170 மில்லிமீட்டர். சிலதில் 165 அல்லது 175 இருக்கும், அதற்கு மேல் விலகுவது அபூர்வம். கிராங்க் சக்கரத்தின் தளத்திலேயே சுற்றுவதால் நேர் பக்கத்துப் படத்தில் அது எந்தக் கோணத்தில் நின்றாலும் நீளம் கெடாது. படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கி நான்கு அளவு எடுத்துச் சொல்லுங்கள்: கிராங்க், பின் சக்கரத்தின் முழு விட்டம், ரிம் விளிம்புக்கு வெளியே தெரிகிற டயரின் உயரம், ஷாக்கின் பளபளப்பான பகுதி. ஒன்று மட்டும் முதலில் பாருங்கள். சக்கரத்தின் உயரமும் அகலமும் சமமாக இருக்கிறதா? அகலம் குறைந்திருந்தால் படம் சாய்வாக எடுத்தது, கணக்கு தப்பிவிடும்.

வெலிமடை

அண்ணே, சைக்கிள் பற்றித் தெரிந்தவர் என்பதால் கேட்கிறேன். ரம்பொடை இறக்கத்தில் என் மவுண்டன் பைக்கின் பின் பிரேக் கட்டை சூடாகிக் கருகிய வாடை வருகிறது. எந்தக் கட்டை போடலாம்?

பண்டாரவளை சைக்கிள் கடை

கட்டையை மாற்றுவதற்கு முன்னால் பிடிக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். பின் பிரேக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் எந்தக் கட்டையும் கருகும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். மற்றதைத் தனியாக எழுதுங்கள், இங்கே படத்தை முடிப்போம்.

நானுஓயா அக்கா

சின்னச் சக்கரம் என்றால் ஃபோல்டிங் என்று ஹட்டன் அண்ணன் சொன்னதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. ரயிலில் மடித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று என் மகளுக்கு 20 அங்குலச் சக்கரம் உள்ள ஜப்பான் சைக்கிள் ஒன்றை விளம்பரத்துப் படத்தைப் பார்த்து வாங்கினோம். விளம்பரத்தில் "மினி, ஃபோல்டிங்" என்றுதான் இருந்தது. வந்து இறங்கியது மடங்காத சைக்கிள். கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை.

அதற்கப்புறம் நான் இரண்டு இடத்தைப் பார்க்கப் பழகினேன். நடுக் குழாயின் மத்தியில் குறுக்கே ஒரு வெட்டு, அதன் இரு பக்கமும் தடித்த உலோகக் கண்ணி, பக்கத்தில் ஒரு நெம்புகோல். இது இருந்தால்தான் மடங்கும். இன்னொன்று ஹேண்டில் தண்டு. மடிகிற சைக்கிளில் அது கீழிருந்து நெடுநெடுவென்று உயர்ந்து நிற்கும், அடியில் அதற்கும் ஒரு கீல் இருக்கும். சீட் கம்பி நீளமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள், மகளின் சைக்கிளிலும் அது நீளமாகத்தான் இருந்தது.

ஹட்டன் அண்ணன்

அக்கா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் டயர் தடிமனைப் பார்த்தால் ஃபோல்டிங் சைக்கிளும் மவுண்டன் மாதிரி அல்லவா தெரிகிறது?

பண்டாரவளை சைக்கிள் கடை

தெரியும். காரணம் விகிதம். 20 அங்குல ஃபோல்டிங்கில் ரிம் 406 மில்லிமீட்டர், டயர் 44 அளவில் போட்டிருப்பார்கள். முழுச் சக்கரமே 500-க்குள் அடங்கிவிடுவதால் அந்த 44 கண்ணுக்குப் பருமனாகப் படும். அதே டயர் தடிமனை 622 ரிம்மில் போட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். அதனால்தான் சக்கரத்தைக் கிராங்கோடு ஒப்பிடச் சொல்கிறேன். ஃபோல்டிங்கில் சக்கரம் கிராங்கைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. பெரிய சைக்கிள்களில் நாலு மடங்கைச் சுற்றி வரும்.

தலவாக்கலை தம்பி

அளந்துவிட்டேன் அண்ணே. சக்கரத்தின் உயரமும் அகலமும் சமமாக இருக்கின்றன. திரையில் கிராங்க் 34 மில்லிமீட்டர். பின் சக்கரம் 140. டயர் உயரம் 7. ஷாக்கின் பளபளப்புக் குழாய் 13. பின் டயருக்கும் சீட் குழாய்க்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது, 5 வரும். மேல் குழாய் ஹேண்டிலிலிருந்து சீட் பக்கம் லேசாகத்தான் சரிகிறது.

பண்டாரவளை சைக்கிள் கடை

நல்லது. கிராங்க் 170 என்று வைத்தால் திரையில் ஒரு மில்லிமீட்டர் நிஜத்தில் 5. அப்படியென்றால் சக்கரம் 700. டயர் வெளியே தெரிவது 35, ஆனால் டயரின் அடி ஐந்தாறு மில்லிமீட்டர் ரிம் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். சேர்த்தால் 40 பக்கம். டயரின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் அகலமும் 40. இப்போது 700-இலிருந்து இரண்டு பக்கத்து டயரையும், அதாவது 80-ஐக் கழியுங்கள். 620 வருகிறது. 622 ரிம் என்று தைரியமாகச் சொல்லலாம். பழைய 26 அங்குல மவுண்டனாக இருந்தால் ரிம் 559, இரண்டு அங்குல டயரோடு சக்கரம் 660, உங்கள் திரையில் 132 காட்டியிருக்கும். எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம், அளவெடுத்ததில் வந்த பிழையாக இருக்காது.

ரோட் பைக்காக இருக்கவும் வழியில்லை. அதில் டயர் அநேகமாக 25-இலிருந்து 32-க்குள்தான் இருக்கும், பின் சக்கரமும் உங்களுடையதைவிட உள்ளே தள்ளி நிற்கும்.

ஒரு சிக்கல் மிச்சம். 29 அங்குல மவுண்டன் பைக்கின் ரிம்மும் 622-தான். யாராவது அதில் ஒல்லி டயர் போட்டு விற்றால் சக்கரத்தின் அளவு இப்படியேதான் வரும். அங்கேதான் ஷாக் கைகொடுக்கிறது. உங்கள் 13, நிஜத்தில் 65. அது ஹைபிரிட் ஷாக். மவுண்டனாக இருந்தால் திரையில் 20 அல்லது அதற்கு மேல் வர வேண்டும், மேல் குழாயும் நன்றாகச் சரிந்து இறங்கும். என் கணக்கில் உங்களுடையது ஹைபிரிட்.

ஹட்டன் அண்ணன்

பழைய ஷாக் உள்ளே இறங்கி அப்படியே சிக்கிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து மழையில் துரு பிடித்தால் திரும்ப மேலே வராது. அப்போது 100 மில்லிமீட்டர் ஷாக்கும் 65 காட்டுமே?

பண்டாரவளை சைக்கிள் கடை

காட்டும். அதைப் படத்தை வைத்து என்னால் மறுக்க முடியாது. மேல் குழாயின் சரிவு ஹைபிரிட் பக்கம் சாய்கிறது, ஆனால் முன்பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தச் சரிவும் குறைந்துதான் தெரியும். தம்பி, விற்பவரிடம் டயர் சுவரைக் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே ஷாக்கை ஒருமுறை அழுத்தி விட்டு வீடியோ கேளுங்கள்.

பதுளை வாத்தியார்

அப்பாவின் பெரிய சைக்கிள் இன்னும் வீட்டில் நிற்கிறது. கம்பி பிரேக், மேல் குழாய் தரைக்கு நேர், டயர் 28 அங்குலம், ஒன்றரை அங்குல அகலம். ஹேண்டில் பின்பக்கம் வளைந்து கைக்கு வருகிறது. நீங்கள் பேசும் ரகங்களில் இது எதிலும் பொருந்தவில்லையே?

பண்டாரவளை சைக்கிள் கடை

பொருந்தாது சேர். அது அந்தக் காலத்து ரோட்ஸ்டர், தனி ரகம். ரிம்மே 635. அதன் டயரை 622 ரிம்மில் போட முடியாது, கடையில் வாங்கும்போது கவனமாக இருங்கள்.

தலவாக்கலை தம்பி

டயர் சுவர்ப் படம் வந்துவிட்டது. "40-622" என்று அச்சிட்டிருக்கிறது. ஷாக் வீடியோவில் அழுத்தினால் இறங்கி, விட்டால் முழுதாக மேலே வருகிறது. மேலே வந்த பிறகும் குழாய் அதே அளவுதான் தெரிகிறது.

ஹட்டன் அண்ணன்

அப்படியென்றால் ஹைபிரிட்தான். ஆனால் தம்பி, தோட்டத்துக் கல் பாதையில் 40 டயர் தாங்காது. மழை பெய்து கல் மேலே எழும்பியிருக்கும்போது டியூப் நசுங்கி இரண்டு ஓட்டையாகப் பஞ்சர் ஆகும். நான் மவுண்டனைத் தேடச் சொல்வேன்.

பண்டாரவளை சைக்கிள் கடை

அடிக்கிற காற்றைப் பொறுத்தது. கல்லில் போகும் வண்டிக்குக் கம்மியாகக் காற்று அடித்தால் சுகமாக உருளும், ஆனால் மிகவும் இறக்கினால் அண்ணன் சொல்வது நடக்கும். 45 டயர் போட இடம் இருந்தால் நான் இதையே வாங்குவேன், தார் ரோட்டில் மவுண்டனைவிட லேசாக ஓடும். அந்த இடத்தைப் பக்கவாட்டுப் படத்தில் பார்க்க முடியாது. பின்னாலிருந்து பார்க்க வேண்டும், டயரின் இரண்டு பக்கமும் ஃபிரேம் குழாய் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று. இப்போதைய 40 டயரோடு பக்கத்துக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் இருந்தால் 45 போன பிறகும் சேறு சிக்காமல் சுற்றும்.

தலவாக்கலை தம்பி

பின்னாலிருந்து படம் கேட்டிருக்கிறேன். வந்ததும் இங்கேயே போடுகிறேன்.