பொருள்: வரைபடத்தில் வரும் ‘டிப்’புக்கு ஒரு சொல், வெள்ளிக்குள்

வேதியியல் ஆசிரியை:
வணக்கம். பதினோராம் வகுப்பு வினாத்தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அயனியாக்கும் ஆற்றல் வரைபடம் ஏறிக்கொண்டே போகையில் பெரிலியம் தாண்டி போரானிலும், நைட்ரஜன் தாண்டி ஆக்சிஜனிலும் சற்றே இறங்குமே, அந்த ‘டிப்’புக்குச் சொல் வேண்டும். போன முறை ‘வீழ்ச்சி’ என்று போட்டோம். பிள்ளைகள் நியானிலிருந்து சோடியத்துக்கு விழுவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிட்டார்கள்.

சோடியம் 496, மெக்னீசியம் 738, சிலிக்கான் 786 என்று கொடுத்து அலுமினியத்துக்கு எது என்று கேட்டால், நடுவில் இருக்கிறதே என்று 760ஐத் தேர்ந்தெடுக்கிறார்கள். விடை 578. ‘இடமிருந்து வலம் கூடும்’ என்ற ஒரே வரிதான் மனப்பாடம். இறங்கும் இடத்துக்கு ஒரு பெயர் இருந்தாலாவது நினைவில் நிற்குமோ என்று பார்க்கிறேன்.

அகராதி ஐயா:
பெயர் இருக்கிறது அம்மா, ‘அவல்’. புறநானூற்றில் அவலும் மிசையும் எதிரெதிராக வரும். மிசை மேடு, அவல் தாழ்ந்த நிலம். நைட்ரஜன் மிசை, ஆக்சிஜன் அவல். ‘அவலம்’ என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம், மனம் தாழ்ந்த நிலைதானே? அதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன்.

பயிற்சி மையத் தம்பி:
ஐயா, தேர்வறையில் ‘ஆக்சிஜனின் அவல்’ என்று படித்தால் பையனுக்குப் பசிதான் எடுக்கும். ‘பள்ளம்’ போடுங்கள், எல்லோருக்கும் புரியும். காரணமும் ஒரே வரிதான்: நைட்ரஜனில் p பாதி நிரம்பியிருக்கிறது, அதனால் தனி நிலைப்புத்தன்மை, அதனால் உயரம்.

யாழ்ப்பாணத்து நண்பர்:
நாங்கள் அயனாக்கற் சக்தி, ஆவர்த்தனம், நைதரசன், ஒட்சிசன் என்றுதான் படித்தோம். முதலில் அதை ஒன்றாக்குங்கோ, பள்ளத்தைப் பிறகு பார்ப்பம். எனக்குப் பரீட்சையில் வந்தது இரண்டாம் அயனாக்கற் சக்தி. ஒட்சிசனில் இறங்கும் என்று எழுதினேன், பிழை. அங்கே ஒட்சிசன் 3388, புளோரின் 3374. இறக்கம் ஒரு வீடு தள்ளிப் போய்விட்டது.

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
நண்பர் கேள்விக்கு வெளியே போனாலும் நல்ல இடத்தில் கை வைத்தார். ஒரு எலக்ட்ரான் போன ஆக்சிஜனுக்கு நைட்ரஜனின் அமைப்பு, அதனால்தான் தள்ளிப் போகிறது.

ஆனால் ‘பள்ளம்’ தவறான படம் தருகிறது. தம்பி, ஒரு வரைபடத்தாளை எடுங்கள். போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402. முதலில் 285 ஏற்றம், பிறகு 316. ஏறக்குறைய நேர்கோடு. நைட்ரஜன் தனி உயரத்தில் இருந்தால் கோட்டுக்கு மேலே துருத்தியிருக்க வேண்டும், அப்படி இல்லை. அதே கோட்டை நீட்டினால் ஆக்சிஜன் 1700ஐத் தாண்ட வேண்டும். இருப்பதோ 1314. அடுத்து ஃபுளோரின் 1681, நியான் 2081. இவையும் பழைய கோட்டுக்குத் திரும்பவில்லை, கீழே இன்னொரு கோட்டில் ஏறுகின்றன. நான்காவது p எலக்ட்ரான் ஏற்கெனவே ஆளிருக்கும் ஆர்பிட்டாலில் போய் உட்கார வேண்டும். அந்த நெருக்கடி அதற்குப் பிறகு வருபவர்களுக்கும் உண்டு. பள்ளம் என்றால் ஏறி வெளியே வந்துவிடலாம். இது கோடு மாறுவது, ‘முறிவு’ என்பேன்.

கந்தகத்தில் இன்னும் தெளிவு. பாஸ்பரஸ் 1012, கந்தகம் 1000. கண்ணுக்குத் தெரிவது வெறும் 12. ஆனால் அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ் கோட்டை நீட்டினால் கந்தகம் 1250 பக்கம் இருந்திருக்க வேண்டும்.

பயிற்சி மையத் தம்பி:
கோடு சரி சார். ஆனால் பரிமாற்ற ஆற்றல் இழப்பு நைட்ரஜனில் உண்டு, ஆக்சிஜனில் இல்லை. நெருக்கடி மட்டும் காரணம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அகராதி ஐயா:
முறிவு எலும்புக்கு. மேலும் போரானில் முறிவது வேறு காரணத்தால்: s முடிந்து p தொடங்குகிறது. இரண்டுக்கும் ஒரே பெயரா?

வேதியியல் ஆசிரியை:
மணி பதினொன்று. ‘பள்ளம்’ என்று சொன்னவர்கள்தான் அதிகம், தனி மடலிலும் மூவர் அதையே சொன்னார்கள். வினா இப்படிப் போகிறது: “நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே வரைபடத்தில் தோன்றும் சிறு பள்ளத்துக்குக் காரணம் தருக.”

ஓய்வுபெற்ற பேராசிரியர்:
‘இடையே’ என்றால் அங்கே இன்னொரு தனிமம் இருக்கிறதோ என்று தேடுவார்கள். ‘ஆக்சிஜனில்’ என்று மாற்றுங்கள். ஒருத்தி ‘பள்ளம் ஆக்சிஜனோடு முடிந்துவிடுகிறது’ என்று எழுதினால் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

வேதியியல் ஆசிரியை:
‘ஆக்சிஜனில்’ என்று மாற்றிவிட்டேன் ஐயா. இரண்டாவது கேள்வியைத் திருத்தும்போது பார்க்கிறேன்.