மூணு போர்டு, மூணு தப்பு: குற்றவாளி யார்?

வடபழனி வாசு:
வாட்ஸப்பில் சுத்துற மூணு படம். ஒரு அபார்ட்மென்ட் ஆபீஸ் கதவுல "தற்போதைய மசோதா இங்கே பெறப்படும்". ஒரு ஓட்டல் ஃப்ளெக்ஸ்ல "கோழிக் கரி வறுவல்". மூணாவதுல "சென்னை"யோட கொம்பெல்லாம் இடம் மாறி, சின்னப் புள்ளி வட்டங்களோட தொங்குது. எல்லாரும் டிசைனரைத்தான் திட்டுறாங்க. நிஜமா யார் தப்பு?

ஆசிரியர் அறவாழி:
இதில் ஆராய என்ன இருக்கிறது? ர, ற தெரியாதவன் கையில் தமிழைக் கொடுத்தால் ஓட்டலில் அடுப்புக் கரியைத்தான் வறுப்பார்கள். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. பத்தாம் வகுப்போடு தமிழை மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

ஃப்ளெக்ஸ் குமரன்:
ஐயா, ரெண்டாவது படத்துக்கு மட்டும் உங்க தீர்ப்பு சரி. "கரி" கையில வந்த தப்பு. காதுல கேட்டதை அப்படியே தட்டியிருக்காங்க. மத்த ரெண்டுக்கும் எழுத்தறிவுக்கும் சம்பந்தம் இல்லை.

மூணாவதைப் பாருங்க. யூனிகோட்ல "செ" எழுதும்போது முதல்ல ச, அப்புறம்தான் கொம்பு சேமிக்கப்படுது. திரையில காட்டும்போது கொம்பை முன்னாடி தூக்கி வைக்கிறது மென்பொருளோட வேலை. பழைய ஃபோட்டோஷாப்ல அந்த வேலையைச் செய்யற எஞ்சின் தானா ஓடாது. Preferences-ல Type பக்கம் போய் Middle Eastern and South Asian தேர்ந்தெடுக்கணும், அப்புறம் Paragraph மெனுவில World-Ready Layout வைக்கணும். அதைச் செய்யலைன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், "கு", "மு" எல்லாம் பிரிஞ்சு கிடக்கும்.

படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கொம்பும் உகரமும் மட்டும் சிதறி, மத்த எழுத்து சரியா இருந்தா அது மென்பொருள். கொம்பெல்லாம் ஒழுங்கா இருந்து ர, ற மட்டும் மாறியிருந்தா அது ஆள்.

ஆசிரியர் அறவாழி:
மென்பொருளே சிதறடித்தாலும் பார்த்தவுடன் தெரியாதா? கண் எங்கே போயிற்று?

ஃப்ளெக்ஸ் குமரன்:
அதுக்குத்தான் நிறைய கடையில இன்னும் பாமினி ஃபான்ட். அதுல கொம்பு சிதறாது, தட்டுற வரிசையிலேயே நிக்கும். ஆனா கம்ப்யூட்டருக்கு அது தமிழே இல்லை. நீங்க "தமிழ்"னு பார்க்கறீங்க, உள்ளே இருக்கறது `jkpo;`. அதனால எந்தப் பிழைதிருத்தியும் "கரி"யைப் பிடிக்காது. அதை எழுத்தா வாட்ஸப்பில் அனுப்பவும் முடியாது, போனா கிறுக்கலா தெரியும். அதனால ஜேபிஜி படமாத்தான் புரூஃப் போகுது. இருபது அடி ஃப்ளெக்ஸை உள்ளங்கை அகல திரையில பார்த்து "ஓகே ப்ரோ"ன்னு பதில் வரும். அச்சுக்குப் போற கம்ப்யூட்டர்ல ஃபான்ட் இல்லாமப் போயிடக் கூடாதுன்னு கோரல் டிராவில Ctrl+Q அடிச்சு எழுத்தைக் கோடா மாத்திடுவோம். அதுக்கப்புறம் அது எழுத்தே இல்லை, வெறும் வடிவம். தப்பு தெரிஞ்சா வரியையே திரும்ப அடிக்கணும், அச்சாகியிருந்தா மேலே ஸ்டிக்கர் ஒட்டணும்.

சும்மா வந்தவன்:
ஸ்பெல்லிங்னா அரசாங்கத்தைக் கேளுங்க. 2020 ஜூன்ல 1,018 ஊர்ப்பேரோட ஆங்கில ஸ்பெல்லிங்கை மாத்தி அறிவிச்சு, மீம் மழை பொழிஞ்சதும் அந்த மாசமே வாபஸ் வாங்கினாங்க. அதுக்கும் ஃபான்ட்தான் காரணமா?

வடபழனி வாசு:
அண்ணே, அது ஆங்கில ஸ்பெல்லிங். இங்க பேச்சு தமிழ் போர்டு. முதல் படத்துக்கு வாங்க, மசோதா எப்படி வந்துச்சு?

சப்டைட்டில் நிலா:
நம்ம ஊர்ல "கரண்ட் பில்"னா மின்கட்டண ரசீது. மொழிபெயர்ப்பு மென்பொருளுக்கு ரெண்டே ரெண்டு ஆங்கிலச் சொல் போயிருக்கு, பக்கத்துல துணைக்கு வாக்கியம் இல்லை. கரண்ட்டுக்கு "தற்போதைய", பில்லுக்குச் சட்டசபை மசோதா. செய்தித்தாள்ல அந்த ஜோடி நிறைய வரும், அதனால அதுக்கு அதுதான் நியாயமான பதில். "ஃபயர் எக்ஸிட்" எங்கேயோ "தீ வெளியேறு" ஆகி, நெருப்புக்கே கட்டளை போட்ட மாதிரி நின்னதும் இதே கதைதான்.

பேக்கரி பாஸ்கர்:
என் கடை போர்டு அடுத்த வாரம் அடிக்கணும். தமிழ்ல வந்ததைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாத்திப் பார்த்தா போதும்னு பையன் சொல்றான். சரிதானே?

சப்டைட்டில் நிலா:
பாதி சரி. உளறலா வந்திருந்தா அது காட்டிக்கொடுக்கும். ஆனா "தற்போதைய மசோதா"வைத் திருப்பிப் போட்டா அச்சு அசலா "கரண்ட் பில்"னே வரும், நீங்களும் நிம்மதியா அச்சுக்கு அனுப்பிடுவீங்க. ரெண்டு அர்த்தம் உள்ள சொல் இந்தச் சோதனையில் மாட்டாது. முழு வாக்கியமாக் கொடுங்க: "மின்சாரக் கட்டணத்தை இந்த அலுவலகத்தில் செலுத்தலாம்"ங்கற அளவுக்கு ஆங்கிலத்திலேயே விரிச்சு எழுதிட்டு அப்புறம் மாத்துங்க.

எங்க பக்கம் இன்னும் மோசம். வசனக் கோப்புல ஒரு வாக்கியம் ரெண்டு நேரத்துண்டா உடைஞ்சிருக்கும், மென்பொருள் ஒவ்வொண்ணையும் தனியா மாத்தும். "அவர் பணத்தைத் திருடினார்னு நான் சொல்லலை" என்ற வசனம் இப்படி ஆகும்:

```
41
00:03:10,200 --> 00:03:11,400
நான் சொல்லவில்லை.

42
00:03:11,400 --> 00:03:13,000
அவர் பணத்தைத் திருடினார்.
```

ஒவ்வொரு வரியும் இலக்கணப்படி சரி. ஆனா மறுத்தவன் புகார் கொடுத்தவன் ஆயிட்டான். ஆங்கிலத்துல "சொல்லலை" முதல்ல வந்துடும், நமக்கு அது கடைசியில வரணும். அதனால ரெண்டு துண்டையும் ஒட்டி மாத்திட்டு, பிறகு தமிழ் வரிசைப்படி வெட்டணும். இதுல சிரிப்புக் காட்சி கூட வராது, யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க மாட்டாங்க. வைரலாகிற தப்பைவிட இதுதான் ஆபத்து.

ஆசிரியர் அறவாழி:
ஆகவே, இயந்திர மொழிபெயர்ப்பைப் பொதுப் பலகைகளில் தடை செய்ய வேண்டும் என்ற என் கருத்துக்கு நீங்களே சான்று தருகிறீர்கள்.

ஃப்ளெக்ஸ் குமரன்:
தடை போட்டா போர்டு நிக்காதுங்க ஐயா. கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், மற்ற மொழி 5:3:2 கணக்குல இருக்கணும்னு விதி. கடைக்காரர் ஆங்கிலப் பேரோட வர்றார், சாயங்காலத்துக்குள்ள தமிழ் பெரிசா வேணுங்கறார். அளவைத்தான் விதி கேட்குது, பிழையைக் கேட்கலை. பாஸ்கர், நீங்க ஒண்ணு செய்யுங்க: வரிகளை யூனிகோட்ல நீங்களே தட்டி எழுத்தா அனுப்புங்க. புரூஃபைப் படமா வாங்கி, பெரிசாக்கி, கடைசிச் சொல்லுல ஆரம்பிச்சு முதல் சொல்லுக்கு ஒவ்வொண்ணாப் படிங்க. வரிசையாப் படிச்சா மனசே திருத்திக்கும்.

பேக்கரி பாஸ்கர்:
சரி. "பேக்கரி"க்கு ரி-யா, றி-யா?

ஆசிரியர் அறவாழி:
ரி. ஆனால் "அடுமனை" என்று போடுங்கள்.

பேக்கரி பாஸ்கர்:
அடுமனைன்னா எங்க சூளைமேட்டுல யாரு சார் பஃப்ஸ் கேட்டு வருவாங்க?

ஆசிரியர் அறவாழி:
வைத்தால்தானே வருவார்கள்.

ஃப்ளெக்ஸ் குமரன்:
ரெண்டையும் போட்டா அகலம் போதாது. அளவு சொல்லுங்க, பார்க்கலாம்.