மொட்டை மாடியில் வளைகாப்பு: சங்கத்திடம் கேட்டு வாங்கிய கதை

அழகாபுரம் 2பி:
எங்கள் அப்பார்ட்மெண்டில் 16 வீடு. போன வைகாசியில் தங்கச்சி வளைகாப்பை மாடியில் வைத்தோம், அறுபது பேருக்கு எதற்கு மண்டபம் என்று. செயலாளரிடம் வாயால் கேட்டதற்கு "பார்க்கலாங்க" என்றார், மூணு வாரம் அப்படியே கிடந்தது. அப்புறம் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தேதி, காலை 8 முதல் மாலை 4 வரை, சமையல் மேலே கிடையாது, பந்தி மட்டும், மைக் செட் இல்லை, மறுநாள் காலைக்குள் கூட்டிப் பெருக்கி ஒப்படைக்கிறேன், சேதமானால் என் செலவு. இரண்டே நாளில் சரி என்றார்கள். முன்பணம் 5,000, பந்தல் காலுக்கு தரையில் துளை போடக்கூடாது, அண்டா குண்டாவை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று மூன்று நிபந்தனை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சொதப்பியது கடைசியில்தான். பந்தி முடிந்த கையோடு தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லிவிட்டேன். சோறும் கிழிந்த இலையும் மழைநீர்க் குழாய் வாயில் போய் அடைத்துக்கொண்டன. நாலாம் நாள் ஏற்காட்டுப் பக்கமிருந்து மேகம் இறங்கிக் கொட்டியது, மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர். பிளம்பர் கூலி 1,200 போக 3,800 திரும்பி வந்தது.

அம்மாபேட்டை:
யூடிஎஸ் என்கிற பிரிக்கப்படாத பங்கில் மாடியும் நம்முடையதுதானே, அனுமதி எதற்கு? சொல்லிவிட்டு நடத்தியிருக்கலாம்.

முன்னாள் செயலாளர்:
பங்கு உண்டு, சரி. ஆனால் 16 பேருக்கும் உண்டே, ஒரு நாள் முழுக்க ஒருவர் எடுத்துக்கொள்வதென்றால் மற்றவர்களைக் கேட்கத்தான் வேண்டும். துளை விஷயத்தில் நானும் கறாராகத்தான் இருந்தேன். தட்டோட்டில் ஒரு துளை விழுந்தால் அதற்கு நேர் கீழேதான் ஒழுகும் என்றில்லை, தண்ணீர் உள்ளேயே ஓடி இன்னொருவர் வீட்டு சீலிங்கிலும் கசியலாம், யாரால் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். பந்தல் காலை மணல் நிரப்பிய டின்னில் நட்டு, கயிற்றைக் கைப்பிடிச் சுவர்த் தூணில் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் மட்டும் கட்ட விடாதீர்கள், இழுத்தால் மூட்டு விட்டுவிடும். பந்திக்கு முன்னாலேயே குழாய் வாயை பழைய கொசுவலைத் துணியால் மூடுங்கள், முடிந்ததும் முதலில் காய்ந்த துடைப்பம், அப்புறம்தான் தண்ணீர். அந்தக் குழாய் மழைநீர்த் தொட்டிக்குத்தான் போகிறது, சோறு உள்ளே போனால் வாரக்கணக்கில் நாறும்.

ஏற்காடு:
இங்கே எங்கள் அக்கா வீட்டுக் காதுகுத்தில் பந்தல் துணியே பறந்து பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் விழுந்தது. துணிக்குப் பந்தல்காரர்கள் தனி வாடகை கேட்பார்களா?

அம்மாபேட்டை:
அது சரி, அந்த 1,200ஐ இவர் தலையில் மட்டும் கட்டியது நியாயமா? குழாய் ஏற்கெனவே பாதி அடைத்திருந்தால்?

அழகாபுரம் 2பி:
அதைத்தான் நானும் கேட்டேன். முன்கூட்டியே போட்டோ எடுத்து வைக்கவில்லை, வாயை மூடிக்கொண்டேன். இப்போது 4ஏ வீட்டுக்காரர் சீருக்கு மாடி கேட்கிறார், செயலாளர் என் கடிதத்தையே மாதிரியாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். கடைசியில் கொசுவலை என்று மட்டும் பேனாவில் சேர்த்திருக்கிறது.