309 அடிச்ச இந்தியா தோத்துச்சு, 141 அடிச்சவங்க ஜெயிச்சாங்க: கின்ராரா 2006

செந்தூல்காரன்
2006 செப்டம்பர் 14, மலேசியாவுல கின்ராரா ஓவல். இந்தியா 309/5, டெண்டுல்கர் மட்டும் அவுட் ஆகாம 141. வெஸ்ட் இண்டீஸ் 20 ஓவர்ல 141/2 இருக்கும்போது மழை, அதோட ஆட்டம் முடிஞ்சது. அவங்க 29 ரன்ல ஜெயிச்சதா அறிவிச்சாங்க. ஜெயிக்க இன்னும் 169 ரன் பாக்கி இருந்துச்சே, இது எப்படி நியாயம்?

ஜெலுத்தோங் தம்பி
ரன் ரேட்தான் அண்ணே. 309-ஐ 50-ஆல வகுத்தா ஓவருக்கு 6.18. 20 ஓவருக்கு 123 வருது. அவங்க 141 வச்சிருந்தாங்க, முன்னாடி இருந்தாங்க. அவ்வளவுதான்.

கிள்ளான் ஸ்கோரர்
முடிவு சரி தம்பி, வழி தப்பு. ரன் ரேட் கணக்குன்னா 18 ரன் வித்தியாசம்தான் வந்திருக்கணும். 29-னு வந்திருக்குன்னா, அந்த நேரத்துல அவங்க எட்ட வேண்டிய அளவு 112. அது ஏன் 123-ஐ விடக் குறைஞ்சதுன்னு பாருங்க.

மழை ஆட்டத்துக்கு இந்தக் கணக்கை உருவாக்கின டக்வொர்த், லூயிஸ் ரெண்டு பேரும் சொன்னது இதுதான்: ஓவர் மட்டும் கையிருப்பு இல்லை, விக்கெட்டும் கையிருப்புதான். 50 ஓவர், 10 விக்கெட் முழுசா இருந்தா 100 சதவீதம். அவங்க பழைய அட்டவணையில, 30 ஓவர் மீதி, 2 விக்கெட் போயிருந்தா 67.3 சதவீதம் இன்னும் கையில இருக்கு. அதாவது ஓவர்ல 40 சதவீதம் போயிருந்தாலும், பலத்துல 32.7 சதவீதம்தான் செலவு. 309-ல 32.7 சதவீதம் 101.

ஜெலுத்தோங் தம்பி
101 எங்கே, 112 எங்கே?

கிள்ளான் ஸ்கோரர்
நல்ல கேள்வி. 101 காகித அட்டவணைக் கணக்கு. பெரிய ஆட்டங்கள்ல கம்ப்யூட்டர்தான் போடும். எதிரணி பெரிய ஸ்கோர் அடிச்சிருந்தா, துரத்துறவங்க கடைசி ஓவர்களுக்குன்னு ஒதுக்கி வைக்க முடியாது, முதல்லேருந்தே வேகமா அடிக்கணும். கம்ப்யூட்டர் அதையும் சேர்த்துக்கும், அதனால ஆரம்ப ஓவர்கள்ல எதிர்பார்ப்பு கூடும்.

செந்தூல் அண்ணே, இப்ப இதைப் பாருங்க. அதே 20 ஓவர், அதே 141, ஆனா 5 விக்கெட் போயிருந்தா? அட்டவணையில மீதி 44.7 சதவீதம்தான். 55.3 செலவாயிடுச்சு. 309-ல அது 170. இந்தியா ஜெயிச்சிருக்கும். மூணு விக்கெட்தான் வித்தியாசம்.

பட்டர்வொர்த் அக்கா
எங்க கதையைக் கேளுங்க. உள்ளூர்ப் போட்டி ஒண்ணு, 20 ஓவர். நாங்க 120 அடிச்சோம். மழை விட்டதும் எதிரணிக்கு 10 ஓவர், இலக்கு 61-னு பாதியா வெட்டிட்டாங்க. அவங்க முதல் பந்துலேருந்து கண்ணை மூடிக்கிட்டு பேட்டை வீசி 63 எடுத்துட்டாங்க. என் தம்பி பசங்க அழுதே விட்டாங்க.

கிள்ளான் ஸ்கோரர்
அக்கா, பத்து விக்கெட்டையும் பத்தே ஓவர்ல செலவு பண்ணலாம்னா யார்தான் பயப்படுவாங்க? அட்டவணையில 20 ஓவருக்கு 56.6, 10 ஓவருக்கு 32.1. பாதி இல்லை, கிட்டத்தட்ட 57 சதவீதம். இலக்கு 69 வந்திருக்கணும். அந்த 63 பத்தியிருக்காது.

செந்தூல்காரன்
கணக்கு புரியுது. ஆனா அடுத்த ஓவர்லயே மூணு விக்கெட் விழுந்திருந்தா? டெண்டுல்கர் ஆடின ஆட்டத்தை மழை முடிச்சு வைக்கிறதை மனசு ஏத்துக்கலை.

கிள்ளான் ஸ்கோரர்
விழுந்திருக்கலாம், அண்ணே. இந்த முறை ஜோசியம் சொல்றதில்லை. அந்த நிலையில வழக்கமா எவ்வளவு ரன் வரும்ங்கிற சராசரியை மட்டும் எடுத்துக்குது. விக்கெட் சரியும் ஆபத்தும் அந்தச் சராசரிக்குள்ளயே இருக்கு. யார் கிரீஸ்ல நிக்கிறாங்க, எந்தப் பவுலருக்கு ஓவர் பாக்கிங்கிறது அதுக்குத் தெரியாது. அது உண்மையான குறைதான்.

இன்னொண்ணு. ஒருநாள் ஆட்டத்துல ரெண்டாவது அணி 20 ஓவராவது ஆடியிருந்தாதான் முடிவு உண்டு. அன்னைக்குச் சரியா 20. ஒரு ஓவர் முன்னாடி கொட்டியிருந்தா யாருக்கும் வெற்றி இல்லை.

செந்தூல்காரன்
அதைத்தான் நான் சொல்றேன்! ஆறு பந்துல தலைகீழா மாறுது. அந்த 20-ங்கிற எல்லையை 25 ஆக்கணும்.

ஜெலுத்தோங் தம்பி
25 ஆக்கினா நம்ம ஊர் சாயங்கால மழையில பாதி ஆட்டத்துக்கு முடிவே வராது அண்ணே.

பட்டர்வொர்த் அக்கா
எங்க போட்டிக்கு அந்தக் காகித அட்டவணை போதுமா?

கிள்ளான் ஸ்கோரர்
120, 130 மாதிரி ஸ்கோருக்குத் தாராளமா போதும். டாஸுக்கு முன்னாடியே ரெண்டு கேப்டன்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க, எத்தனை ஓவர் ஆடினா முடிவு உண்டுங்கிறதையும் சேர்த்து எழுதி. 20 ஓவர் ஆட்டத்துக்கு வழக்கமா 5. மழை வந்தப்புறம் பேச ஆரம்பிச்சா சண்டைதான் வரும்.